டிராயிங்ஸ் லாபத்தைத் தாண்டிவிட்டதா? வருடக் கணக்கை வைத்து நீங்களே பார்ப்பது எப்படி

தனி உரிமையாளராகக் கடையோ சின்னத் தொழிலோ நடத்துகிறீர்கள், வருடக் கடைசியில் கணக்கில் நல்ல லாபம் தெரிகிறது, ஆனால் சிசி லிமிட் எப்போதும் நிரம்பியே கிடக்கிறது, சப்ளையருக்குக் கொடுக்கும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வீட்டுக்கு எடுத்த பணம், அதாவது டிராயிங்ஸ், சம்பாதித்த லாபத்தைத் தாண்டியிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க நான் உட்கார்ந்தபோது, ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். கணக்கு எழுதுகிறவர் டிராயிங்ஸ் லெட்ஜரைக் காட்டி "குறைவாகத்தான் எடுத்திருக்கிறீர்கள்" என்றார். வங்கியில் "முதல் கரைகிறது" என்றார்கள். இரண்டும் எப்படி ஒரே கணக்கிலிருந்து வர முடியும் என்று புரியவே எனக்கு நிறைய நாள் ஆனது. நீங்கள் அந்த அலைச்சலைப் படவேண்டாம்.

படிகளைச் சொல்லும்போது ஒரு ஹார்ட்வேர் கடையின் 2024-25 கணக்கையே கடைசிவரை எடுத்துக்கொண்டு போகிறேன். பெயிண்ட், பிவிசி பைப், பூட்டு, கம்பி விற்கும் கடை. வருட விற்பனை ஜிஎஸ்டி நீங்கலாக 92 லட்சம். கணக்கின்படி நிகர லாபம் 7,42,000. டிராயிங்ஸ் லெட்ஜரில் 5,16,000. மேலோட்டமாகப் பார்த்தால் 2,26,000 மிச்சம். சரிபார்த்து முடித்தபோது கதை தலைகீழாக இருந்தது.

## 1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

இவை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் நின்றுவிடும்.

- லாப நட்டக் கணக்கு, இந்த வருட பேலன்ஸ் ஷீட், போன வருட பேலன்ஸ் ஷீட். மூன்றும் வேண்டும். போன வருடத்தது இல்லாமல் 5-ஆம் படியைச் செய்யவே முடியாது.
- ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட். நடப்புக் கணக்கு, சிசி மட்டும் போதாது. உங்கள் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கும், கடைச் செலவுக்குப் பயன்படுத்தும் கிரெடிட் கார்டும் சேர்த்து.
- மார்ச் 31 அன்று எண்ணிய சரக்குப் பட்டியல், அன்று பெட்டியில் எண்ணிய ரொக்கம்.
- வீட்டு ரசீதுகள்: பள்ளிக் கட்டணம், எல்ஐசி, வீட்டுக் கடன், வீட்டு மின்கட்டணம், வருமான வரிச் சலான்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டேட்மென்டை நெட் பேங்கிங்கில் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். கிளைக்குப் போய்ப் பழைய ஸ்டேட்மென்டை அச்சில் கேட்டால் கட்டணம் போடுவார்கள். டாலியில் கணக்கு இருந்தால் `Balance Sheet` போய் `Capital Account` மேல் என்டர் தட்டினாலே முதல், டிராயிங்ஸ் இரண்டும் விரியும். காலம் சரியாக இல்லாவிட்டால் `Alt+F2` அழுத்தி வருடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். டாலி இல்லாமல் நோட்டில் எழுதுகிறவர்களும் இதே வேலையைச் செய்யலாம், கூடுதலாக இரண்டு நாள் ஆகும். அவ்வளவுதான்.

நேரம் எப்போது என்றால், ஏப்ரல் மாதம். ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன்னால் செய்து முடித்தால்தான் தவறான பதிவுகளைத் திருத்த வழி இருக்கும். ஆடிட்டரிடம் கணக்கை ஒப்படைத்த பிறகு போய் நின்றால் அவர் முடித்த வேலையைத் திரும்பத் திறக்கச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம், அதற்கு அவர் தனியாகக் கட்டணம் கேட்டாலும் தப்பில்லை.

## 2. டிராயிங்ஸ் லெட்ஜருக்கு வெளியே இருக்கும் டிராயிங்ஸைத் தேடுங்கள்

டிராயிங்ஸ் லெட்ஜரில் இருப்பது, எழுதுகிறவருக்கு "இது வீட்டுக்கு" என்று தெளிவாகத் தெரிந்த பணம் மட்டும்தான். தெரியாதது எல்லாம் வேறு எங்கோ போய் உட்கார்ந்திருக்கும். தனி உரிமையாளர் தொழிலில் உரிமையாளருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, அவருடைய வருமான வரி தொழிலின் செலவு கிடையாது. தொழிலிலிருந்து அவருக்காகவோ குடும்பத்துக்காகவோ போன ஒவ்வொரு ரூபாயும் டிராயிங்ஸ்தான், எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும்.

நான்கு இடங்களில் தேடுங்கள்.

முதலாவது, செலவு லெட்ஜர்கள். இன்சூரன்ஸ், மின்கட்டணம், டெலிபோன், வாகனச் செலவு, வரிகள், இதர செலவுகள். ஒவ்வொன்றையும் திறந்து வரி வரியாகப் பாருங்கள். நம் ஹார்ட்வேர் கடையில் இன்சூரன்ஸ் லெட்ஜருக்குள் எல்ஐசி பிரீமியம் 48,000 இருந்தது. மின்கட்டணத்தில் வீட்டு இணைப்பு 26,000. வரிகள் லெட்ஜரில் உரிமையாளரின் அட்வான்ஸ் டாக்ஸ் 40,000. மொத்தம் 1,14,000. கீழே கடை மேலே வீடு என்று ஒரே மீட்டர் இருந்தாலோ, ஒரே கார் இரண்டுக்கும் ஓடினாலோ, நியாயமான ஒரு பங்கை வைத்துப் பிரியுங்கள். அந்தப் பங்கை வருடா வருடம் மாற்றாதீர்கள்.

இரண்டாவது, பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம். இங்கேதான் பெரிய தொகைகள் ஒளிந்திருக்கும், ஏனென்றால் இது லாபத்தையும் தொடாது, டிராயிங்ஸையும் தொடாது, யார் கண்ணிலும் படாது. "அட்வான்ஸ்", "சஸ்பென்ஸ்", "லோன்ஸ் அண்ட் அட்வான்சஸ்" என்று தொடங்கும் எல்லாவற்றையும் திறங்கள். நம் கடையில் வீட்டுக் கடன் ஈஎம்ஐ மாதம் 14,500 நடப்புக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக் கடன் தொழில் கணக்கில் இல்லாததால் எழுதுகிறவர் அதை "லோன் அட்வான்ஸ்" என்று சொத்தில் போட்டுவிட்டார். பன்னிரண்டு மாதத்துக்கு 1,74,000. யாரிடமிருந்தும் திரும்பி வரப்போகாத பணம் எப்படிச் சொத்தாகும்? அது டிராயிங்ஸ். (கடன் உண்மையிலேயே கடைக்காக வாங்கியது, தொழில் கணக்கில் கடனாக இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது வட்டி செலவு, அசல் கடனைக் குறைக்கும்.)

மூன்றாவது, ரொக்கம். மார்ச் 31 அன்று கேஷ் புக்கில் எவ்வளவு, பெட்டியில் எவ்வளவு? நம் கடையில் புத்தகத்தில் 1,12,000, பெட்டியில் 27,000. இடையில் 85,000 எங்கே என்று பார்த்தால் ஜூன் மாதம் கல்லாவிலிருந்து கட்டிய பள்ளிக் கட்டணத்தின் ரசீது அப்படியே பொருந்தியது. எல்லா இடத்திலும் இப்படி அழகாகப் பொருந்தாது. வேறு காரணம் காட்ட முடியாத ரொக்கக் குறைவை டிராயிங்ஸ் என்று எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. கேஷ் புக்கில் லட்சக்கணக்கில் ரொக்கம் காட்டும் சின்னக் கடைகள் நிறைய உண்டு. அந்த ரொக்கம் பெரும்பாலும் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்ட பணம்.

நான்காவது, சரக்கு. வீட்டு மாடிக்கு எடுத்த பெயிண்டும் பைப்பும் பில் போடாமல் போயிருக்கும். விற்பனை விலையில் அல்ல, வாங்கிய விலையில் கணக்கிடுங்கள். நம் கடையில் 62,000. இதோடு முடியாது. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பொருளுக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் கிடையாது, ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே வாங்கும்போது எடுத்த 18 சதவீத கிரெடிட் 11,160-ஐ 3பி-யில் திருப்ப வேண்டும். அதுவும் உரிமையாளர் தலையில்தான். சேர்த்து 73,160.

இப்போது கூட்டிப் பாருங்கள்:

- லெட்ஜரில் இருந்தது: 5,16,000
- செலவுக்குள் ஒளிந்தது: 1,14,000
- வீட்டுக் கடன் ஈஎம்ஐ: 1,74,000
- ரொக்கக் குறைவு: 85,000
- சரக்கும் அதன் ஜிஎஸ்டியும்: 73,160
- உண்மையான டிராயிங்ஸ்: 9,62,160

ஒரு பொறியை இங்கே சொல்லியாக வேண்டும். கடை கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். உரிமையாளரின் சேமிப்புக் கணக்கோடு இருந்தால், வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் தொழில் கணக்குக்கே வராமல் நேராக வீட்டுச் செலவுக்குப் போகிறது. அந்த விற்பனை பில்லிலும் இல்லாவிட்டால் லாபமும் குறைவு, டிராயிங்ஸும் குறைவு, ஜிஎஸ்டியிலும் வருமான வரியிலும் தனிப் பிரச்சினை. நம் கடையில் க்யூஆர் நடப்புக் கணக்கில்தான் இருந்தது, அதனால் இந்தத் தலைவலி இல்லை. உங்களுக்கு இருந்தால், சேமிப்புக் கணக்கின் வரவு முழுவதையும் பில்லோடு ஒப்பிட்டு முடித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

## 3. லாபத்தைச் சரிசெய்யுங்கள்

பாதிப்பேர் டிராயிங்ஸை மட்டும் திருத்திவிட்டு, பி அண்ட் எல்லில் இருக்கும் லாபத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். லாபம் அதைவிட மோசமாகத் தவறியிருக்கலாம்.

சரக்கிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் சின்னக் கடைகளின் லாபத்தை முடிவு செய்வதே கடைசிச் சரக்கிருப்புதான். அதில் ஒரு லட்சம் கூட்டிப் போட்டால் லாபம் ஒரு லட்சம் கூடும், பணம் ஒரு பைசா கூடாது. டாலியில் சரக்குக் கணக்கை இணைக்காமல் வைத்திருந்தால் கடைசிச் சரக்கை நாமே தட்டச்சு செய்கிறோம். பலர் வங்கிக்குக் காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்டின் எண்ணையே அங்கே போடுகிறார்கள். அது லிமிட்டைக் காப்பாற்றப் போட்ட எண், எண்ணிப் பார்த்த எண் அல்ல.

நம் கடையில் போட்டிருந்தது 18,60,000. எண்ணி, வாங்கிய விலையில் மதிப்பிட்டபோது 17,05,000. விற்காமல் காய்ந்துபோன பெயிண்ட், மாடல் போன பூட்டு போன்றவற்றை வாங்கிய விலையில் வைக்கக்கூடாது, இன்று என்ன கிடைக்குமோ அந்த விலை குறைவாக இருந்தால் அதில்தான் வைக்க வேண்டும். மார்ச் 31 எண்ண முடியாமல் ஏப்ரல் 10 அன்று எண்ணினால், இடையில் விற்றதை வாங்கிய விலையில் கூட்டி, இடையில் வாங்கியதைக் கழித்துப் பின்னோக்கிப் போகலாம். அதைவிடத் தள்ளிப்போனால் துல்லியம் போய்விடும்.

எண் சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆரம்பச் சரக்கு 16,40,000, கொள்முதல் 78,80,000. பழைய கடைசிச் சரக்கை வைத்தால் மொத்த லாபம் 15,40,000, அதாவது விற்பனையில் 16.7 சதவீதம். எண்ணிய சரக்கை வைத்து, வீட்டுக்கு எடுத்த 62,000-ஐக் கொள்முதலிலிருந்து நீக்கினால் 14,47,000, அதாவது 15.7 சதவீதம். போன வருடம் இந்தக் கடைக்கு 15.6 சதவீதம். அதே பொருட்கள், அதே சப்ளையர்கள், விலை ஏற்றவில்லை என்னும்போது திடீரென்று ஒரு சதவீதம் ஏன் கூட வேண்டும்? கூடாது. 15.7 தான் நம்பத் தகுந்தது. உங்கள் மொத்த லாப சதவீதம் காரணமில்லாமல் கூடியிருந்தால் முதலில் சரக்கையே சந்தேகப்படுங்கள்.

அடுத்து தேய்மானம். ரிட்டர்ன் போடும்போது ஆடிட்டர் கணக்கிட்டுக்கொள்வார் என்று பலர் புத்தகத்தில் பதிவதே இல்லை. நம் கடையின் லோடு வண்டி 3,20,000 மதிப்புக்கு 15 சதவீதம் 48,000, கம்ப்யூட்டர் 25,000-க்கு 40 சதவீதம் 10,000, சேர்த்து 58,000.

அப்புறம் மார்ச் மாதச் சம்பளமும் வாடகையும். ஏப்ரலில் கொடுப்பதால் விட்டுப்போகும். இந்த மார்ச்சுக்கு 50,000. இதில் அவசரப்பட்டு 50,000-ஐ முழுசாகக் கழித்துவிடாதீர்கள். போன மார்ச் மாதத்துக்கான 45,000 போன ஏப்ரலில் கொடுக்கப்பட்டு இந்த வருடச் செலவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து, ஆரம்ப முதலில் கழிக்க வேண்டும். ஆக இந்த வருட லாபத்தில் குறைவது 5,000 மட்டும்.

கடைசியாக, தொழிலில் சம்பாதிக்காத வருமானம். வீட்டு மாடி வாடகை மாதம் 6,000 நடப்புக் கணக்குக்கு வந்து "இதர வருமானம்" ஆகியிருந்தது, வருடத்துக்கு 72,000. அது உரிமையாளர் தன் பணத்தைக் கடையில் போட்டதற்குச் சமம். லாபத்திலிருந்து எடுத்து, முதல் கொண்டுவந்தது என்று தனியாக வையுங்கள். நகைக் கடன் வாங்கிப் போட்ட பணம், உறவினர் கொடுத்த கைமாற்று எதுவும் லாபத்துக்குள் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருத்திய லாபம் இப்படி வரும்:

- பி அண்ட் எல் லாபம்: 7,42,000
- செலவில் போட்டிருந்த சொந்தச் செலவைத் திரும்பக் கூட்டினால்: + 1,14,000
- வீட்டுக்கு எடுத்த சரக்கு: + 62,000
- சரக்கிருப்புத் திருத்தம்: − 1,55,000
- தேய்மானம்: − 58,000
- மார்ச் செலவு வித்தியாசம்: − 5,000
- வீட்டு வாடகை: − 72,000
- உண்மையான லாபம்: 6,28,000

அனுமான வருமானத் திட்டத்தில், அதாவது 44ஏடி-யில் ரிட்டர்ன் போடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் என்று நீங்கள் ரிட்டர்னில் காட்டிய தொகை வரிக்கான எண். இந்தக் கடைக்கு முழு விற்பனையும் வங்கி வழியாக வந்திருந்தால் 5,52,000, முழுவதும் ரொக்கமாக இருந்திருந்தால் 7,36,000. இரண்டுமே 6,28,000 அல்ல. வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

## 4. இரண்டையும் கழித்துப் பாருங்கள்

6,28,000-லிருந்து 9,62,160 போனால் பற்றாக்குறை 3,34,160. ஆரம்பத்தில் 2,26,000 மிச்சம் என்று தெரிந்த அதே வருடம், அதே கடை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால், எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிடிபடும். எல்ஐசி, வீட்டு மின்கட்டணம், வரி ஆகிய 1,14,000-ஐத் திருத்தியபோது டிராயிங்ஸும் அதே அளவு கூடியது, லாபமும் அதே அளவு கூடியது. வித்தியாசம் மாறவே இல்லை. வீட்டுக்கு எடுத்த 62,000 சரக்கும் அப்படித்தான். அதாவது செலவு லெட்ஜருக்குள் ஒளிந்திருக்கும் சொந்தச் செலவு உங்கள் வரியை மாற்றும், லாபம் என்ன என்பதை மாற்றும், ஆனால் தாண்டிவிட்டோமா இல்லையா என்ற கேள்விக்கான பதிலை மாற்றாது.

பதிலை மாற்றியவை வேறு. சொத்துப் பக்கம் ஒளிந்த ஈஎம்ஐ, பெட்டியில் இல்லாத ரொக்கம், ஊதிக் காட்டிய சரக்கு, பதியாத தேய்மானம், தொழிலுக்குச் சொந்தமில்லாத வாடகை, சின்னதாக ஜிஎஸ்டியும் மார்ச் செலவும். எல்லாவற்றையும் கூட்டினால் 5,60,160. அதை 2,26,000-லிருந்து கழித்தால் சரியாக மைனஸ் 3,34,160. ஆகவே நேரம் குறைவாக இருந்தால் செலவு லெட்ஜரை நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள். பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் "இது உண்மையிலேயே இருக்கிறதா, இந்த மதிப்புக்கு இருக்கிறதா" என்று கேளுங்கள். பெரும்பாலான விடை அங்கேயே வந்துவிடும்.

## 5. முதல் கணக்கு வழியாக மறுபடியும் சரிபாருங்கள்

மேலே செய்தது சரியா என்று தெரிய இன்னொரு வழியில் அதே எண் வரவேண்டும்.

பேலன்ஸ் ஷீட்டில் ஆரம்ப முதல் 11,40,000. போன மார்ச்சின் விட்டுப்போன 45,000-ஐக் கழித்தால் 10,95,000. அதோடு லாபம் 6,28,000, வாடகை வழியாக வந்த 72,000 கூட்டி, டிராயிங்ஸ் 9,62,160 கழித்தால் கடைசி முதல் 8,32,840.

இப்போது மறுபக்கம் வாருங்கள். திருத்தாத பேலன்ஸ் ஷீட்டில் கடைசி முதல் 13,66,000 என்று இருந்தது. அதிலிருந்து சரக்கு 1,55,000, தேய்மானம் 58,000, கொடுக்க வேண்டிய மார்ச் செலவு 50,000, சொத்தில்லாத ஈஎம்ஐ 1,74,000, இல்லாத ரொக்கம் 85,000, திருப்ப வேண்டிய ஜிஎஸ்டி 11,160 எல்லாம் கழியுங்கள். 8,32,840. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்துவிட்டது. வராவிட்டால் ஏதோ ஒரு திருத்தத்தை ஒரு பக்கம் மட்டும் செய்திருக்கிறீர்கள். வீட்டுக்கு எடுத்த சரக்கில்தான் அதிகம் தடுமாறுவார்கள், டிராயிங்ஸில் சேர்த்துவிட்டு லாபத்தில் கூட்ட மறந்துவிடுவார்கள்.

வருட ஆரம்பத்தில் 10,95,000 இருந்த முதல் முடிவில் 8,32,840. குறைந்தது 2,62,160. பற்றாக்குறை 3,34,160 ஆச்சே என்றால், வீட்டு வாடகை 72,000 உள்ளே வந்து கொஞ்சம் நிரப்பியிருக்கிறது. இரண்டு எண்களையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 3,34,160 என்பது "லாபத்தைத் தாண்டி எவ்வளவு எடுத்தேன்", 2,62,160 என்பது "கடையில் என் பணம் எவ்வளவு குறைந்தது".

## 6. தாண்டியிருந்தால் அடுத்து என்ன

ஒரு வருடம் லாபத்தைவிட அதிகமாக எடுப்பது சட்டப்படி குற்றம் ஒன்றும் இல்லை. போன வருடங்களில் சேர்த்துவைத்த முதலிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு எடுத்தால் அது உங்கள் பணம்தான். பார்க்க வேண்டியது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது. இரண்டு பேலன்ஸ் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கடையில் சிசி நிலுவை 6,10,000-லிருந்து 8,05,000 ஆகியிருந்தது, சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதும் 1,20,000 கூடியிருந்தது. அதாவது வீட்டுக் கடனின் ஈஎம்ஐ-யை சிசி வட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிசி வட்டி பொதுவாக வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம், எவ்வளவு என்று உங்கள் சாங்ஷன் கடிதத்தில் பாருங்கள்.

வரியிலும் இது தொடும். கடன் வட்டியைச் செலவாகக் காட்ட, அந்தக் கடன் தொழிலுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் நிபந்தனை. புத்தக லாபத்தைக் காட்டி ரிட்டர்ன் போடுகிறீர்கள், முதல் மைனஸில் போய்விட்டது என்றால், உங்கள் சொந்தப் பணம் முழுவதும் தீர்ந்து கடன் பணத்தையே வீட்டுக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று அதிகாரி சொல்ல வழி கிடைக்கிறது. வட்டியில் அந்தப் பங்கை மறுக்கலாம். நம் கடையில் முதல் இன்னும் 8,32,840 நிற்கிறது, அதனால் சொந்தப் பணத்திலிருந்தே எடுத்தோம் என்று வாதாட இடம் இருக்கிறது. இப்படியே இன்னும் மூன்று நான்கு வருடம் போனால் அந்த இடம் இருக்காது.

இதற்குப் பயந்து டிராயிங்ஸைப் புத்தகத்தில் குறைத்துக் காட்டாதீர்கள். வீட்டில் நான்கு பேர், பிள்ளைகள் தனியார் பள்ளியில், வீட்டுக் கடன் ஓடுகிறது, டிராயிங்ஸ் மட்டும் மாதம் எட்டாயிரம் என்றால் "மீதிச் செலவுக்குப் பணம் ஏது" என்று கேள்வி வரும், பதில் இல்லாவிட்டால் அதையே கணக்கில் வராத வருமானமாகச் சேர்ப்பார்கள்.

திருத்தங்களை மார்ச் 31 தேதியில் ஜர்னலாகப் போடுங்கள். ஈஎம்ஐ, ரொக்கக் குறைவு, எல்ஐசி, வீட்டு மின்கட்டணம், வரி எல்லாம் டிராயிங்ஸுக்குப் பற்று, அந்தந்த லெட்ஜருக்கு வரவு. சரக்கு எடுத்ததற்கு டிராயிங்ஸுக்குப் பற்று, கொள்முதலுக்கும் இன்புட் கிரெடிட்டுக்கும் வரவு. ஆடிட்டரிடம் ஒரு பக்கப் பட்டியலாகக் கொடுத்துப் போடச் சொல்வது நல்லது, குறிப்பாக ஜிஎஸ்டி திருப்புவது எந்த மாத 3பி-யில், வட்டி உண்டா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதுகிறவரிடம் டிராயிங்ஸை ஒரே லெட்ஜராக வைக்காமல் வீட்டுச் செலவு, ஈஎம்ஐ, பள்ளி, இன்சூரன்ஸ், வரி என்று ஐந்தாகப் பிரித்து `Capital Account` கீழேயே திறக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் தேடும் வேலை பாதி குறையும்.

மாதாந்திர அளவை எப்படி வைப்பது? உண்மையான லாபம் 6,28,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 52,333. இப்போது எடுப்பது மாதம் 80,180. தேய்மானம் 58,000 கையைவிட்டுப் போகாத செலவுதானே, அதையும் எடுக்கலாமா என்று கேட்பார்கள். லோடு வண்டியை மாற்ற வேண்டிய நாளில் அந்தப் பணம் தேவைப்படும், ஆகவே நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை 6,000 உங்களுடையது, அதை வீட்டுக் கணக்குக்கே நேராக வரவையுங்கள். அப்போது கடையிலிருந்து அதிகபட்சம் 52,000, வாடகையோடு 58,000. வருமான வரி, எல்ஐசி, ஈஎம்ஐ, பள்ளி எல்லாம் இந்த 58,000-க்குள் வரவேண்டும், அதற்கு மேல் தனியாக அல்ல. சரக்கைக் கூட்ட நினைத்தால் இதிலும் குறைக்க வேண்டியிருக்கும்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்வது, மாதம் 1-ஆம் தேதி நடப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு அந்த ஒரே தொகையை மாற்றிவிட்டு, ஈஎம்ஐ, எல்ஐசி ஆட்டோ டெபிட் எல்லாவற்றையும் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவது. வீட்டுக் கடன் தவணையின் கணக்கை மாற்ற வங்கியில் புதிய மேண்டேட் படிவம் கொடுக்க வேண்டும், அது நடைமுறைக்கு வர ஒன்றிரண்டு தவணை ஆகலாம், அதுவரை பழைய கணக்கில் பணம் வைக்க மறக்காதீர்கள், செக் ரிட்டர்ன் போலவே அபராதம் விழும். கல்லாவிலிருந்து கையில் எடுப்பதை நிறுத்த முடியாவிட்டால், எடுக்கும் அன்றே கேஷ் புக்கில் எழுதி, அந்த மாதத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சோதனையை அடுத்த ஏப்ரல்வரை தள்ளாமல் டிசம்பர் 31 கணக்கை வைத்து ஒருமுறை பாருங்கள். ஒன்பது மாத விற்பனையைப் போன வருட மொத்த லாப சதவீதத்தால் பெருக்கி, ஒன்பது மாதச் செலவைக் கழித்தால் தோராய லாபம் வரும், சரக்கு எண்ண வேண்டியதில்லை. அதை டிராயிங்ஸ் லெட்ஜர்கள் ஐந்தின் கூட்டுத் தொகையோடு ஒப்பிடுங்கள். மீறியிருந்தால் சரிசெய்ய மூன்று மாதம் கையில் இருக்கும், மார்ச் 15 அட்வான்ஸ் டாக்ஸ் தவணைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும்.